காரணிப் பகுப்பாய்வு சொதப்பும்போது: புதிய வினாப்பட்டியலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை அளக்க ஒரு புதிய வினாப்பட்டியல் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 15 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் பொருந்தாது) முதல் 5 (முழுக்கப் பொருந்தும்) வரை பதில். k1 முதல் k5 வரை தொடங்குவதில் வரும் தாமதம், k6 முதல் k10 வரை வேலையின் நடுவில் கவனம் விலகுவது, k11 முதல் k15 வரை கடைசி நேர ஓட்டம். இவற்றில் k3, k8, k12, k14 ஆகிய நான்கும் தலைகீழ்க் கூற்றுகள்: "கொடுத்த வேலையை அன்றே தொடங்கிவிடுவேன்" என்பதுபோல, ஆம் என்றால் பழக்கம் குறைவு என்று பொருள். 600 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நாமே அமைத்தவை, அறிகுறிகள் மட்டும் எல்லாத் தரவிலும் தலைகாட்டுபவை.

600 பேரையும் ஒரே மூட்டையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் 300 பேரிடம் ஆய்வுநிலைக் காரணிப் பகுப்பாய்வையும், மற்ற 300 பேரிடம் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வையும் செய்ய வேண்டும். ஒரு தரவைப் பார்த்துக் கண்டுபிடித்த அமைப்பை அதே தரவில் உறுதிப்படுத்தினால், விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதியதுபோல் ஆகிவிடும். இரு பாதியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் திரட்டியவை என்றால் இந்தப் பிரிப்பும் பாதிப் பாதுகாப்புதான். வேறு ஒரு குழுவிடம் புதிதாகத் திரட்ட முடிந்தால் அதுவே மேல்.

```r
library(psych)
set.seed(11)
d2  <- d
neg <- c("k3", "k8", "k12", "k14")
d2[, neg] <- 6 - d2[, neg]
pick <- sample(nrow(d2), 300)
a <- d2[pick, ];  b <- d2[-pick, ]
```

அறிகுறி: ஒட்டுறவுகள் எல்லாம் தாறுமாறு, KMO மிகக் குறைவு

KMO என்பது காரணி தேடும் அளவுக்குக் கூற்றுகளுக்குள் பகிர்வு இருக்கிறதா என்று சொல்லும் எண். அது சரிந்தால் நுட்பமான காரணம் தேட வேண்டாம், பெரும்பாலும் தரவு நுழைவில்தான் கோளாறு இருக்கும். விடுபட்ட பதிலுக்கு 99 என்று போட்டதை நீக்க மறந்திருப்பார்கள். ஒரே ஒரு 99 போதும், அந்தக் கூற்றின் ஒட்டுறவுகள் எல்லாம் சாய்ந்துவிடும். அடுத்தது, தலைகீழ்க் கூற்றைத் திருப்பும் வரியை இரண்டு முறை ஓட்டுவது. 6 - x என்பதை மறுபடி 6-லிருந்து கழித்தால் பழைய x திரும்பி வந்து நிற்கும். திருப்பிய கூற்றுகள் தம் பிரிவின் மற்றக் கூற்றுகளோடு எதிர்மறை ஒட்டுறவு காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. அதனால்தான் மேலே d-யைத் தொடாமல் d2 என்று புதுப் பெயரில் வைத்திருக்கிறோம்.

அறிகுறி: எதிர்பார்த்தது மூன்று காரணி, வந்தது ஐந்து

முதலில் மென்பொருளின் இயல்புநிலை அமைப்பைப் பாருங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். தானாகவே முதன்மைக் கூறுகளைப் பிரித்தெடுத்து, ஐகன் மதிப்பு 1-க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் தக்கவைக்கும். இரண்டுமே இந்த வேலைக்குப் பொருந்தாது. முதன்மைக் கூறு ஒவ்வொரு கூற்றின் முழு மாறுபாட்டையும், அதிலுள்ள அளவீட்டுப் பிழையையும் சேர்த்து, பொதுவானதாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது கூற்றுகளுக்குள் பகிர்ந்திருக்கும் பகுதி மட்டுமே.

ஐகன் மதிப்பு 1 என்ற கோடும் ஏமாற்றும். 300 பேர், 15 கூற்றுகள், பதில்கள் எல்லாம் வெறும் தற்செயல் என்று வைத்தாலும் முதல் ஐகன் மதிப்பு 1.3-க்கு மேல் போகும். அதாவது, ஒன்றுமே இல்லாத இடத்திலும் அந்த விதி காரணிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். 1965-இல் ஹார்ன் முன்வைத்த இணைப் பகுப்பாய்வு இதைத்தான் சரிசெய்கிறது: அதே அளவில் தற்செயல் தரவுகளைப் பலமுறை உருவாக்கி, அவற்றின் ஐகன் மதிப்பை நம் தரவு தாண்டும்வரை மட்டும் காரணிகளை எண்ணுகிறது.

```r
fa.parallel(a, fa = "fa", cor = "poly")
f4 <- fa(a, nfactors = 4, fm = "minres",
         rotate = "oblimin", cor = "poly")
print(f4$loadings, cutoff = .30)
```

`cor = "poly"` என்பது ஐந்து படிப் பதிலைத் தொடர் எண்ணாகக் கொள்ளாமல் வரிசைப் பதிலாகவே கொள்ளச் சொல்கிறது. பதில்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சாதாரண ஒட்டுறவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதைத் தவிர்க்கத்தான். ஆனால் யாருமே தொடாத பதில் படி இருந்தால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். "5" சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்துவிடுங்கள்.

சுழற்சி சாய்வாக இருக்க வேண்டும். தொடங்கத் தாமதிப்பவருக்குக் கடைசி நேர ஓட்டமும் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். வேரிமேக்ஸ் என்ற செங்குத்துச் சுழற்சி அந்த உறவைப் பூஜ்யம் என்று கட்டாயப்படுத்தும்போது, அது கூற்றுகளின் மேல் குறுக்குச் சுமையாக வழிந்துவிடுகிறது. "எல்லாக் கூற்றும் இரண்டு காரணியில் ஏறுகிறதே" என்று புலம்புபவர்கள் பலர் இந்த ஒரு அமைப்பை மாற்றினாலே பாதித் தலைவலி தீரும்.

இதையெல்லாம் செய்ததும் நம் தரவில் ஐந்து நான்காகக் குறைகிறது. ஆனால் மூன்றாகவில்லை.

அறிகுறி: கூடுதல் காரணியில் தலைகீழ்க் கூற்றுகள் மட்டும் குவிந்திருக்கின்றன

நான்காவது காரணியைத் திறந்து பார்த்தால் k3-இன் சுமை .58, k8 .51, k12 .55, k14 .63. சொந்தக் காரணியில் k3-க்கு .27, k14-க்கு .18. நான்கும் மூன்று வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பொதுவாக இருப்பது பொருள் இல்லை, எழுதிய விதம்தான். இந்த இடத்தில் "சுயகட்டுப்பாடு" என்று ஒரு அழகான பெயர் சூட்டிக் கட்டுரையில் நான்காவது பரிமாணமாக அறிவித்துவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் 10 கூற்றுகள், அவற்றில் 5 தலைகீழ். அது ஒரு காரணியா, நேர், எதிர் என இரண்டா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, கவனமில்லாத பதில். கூற்றைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 என்று போட்டுக்கொண்டே போகிறவரின் பதிலைத் திருப்பினால் k3, k8, k12, k14-இல் மட்டும் 2 வரும். இப்படிப்பட்டவர்கள் சேரச் சேர, தலைகீழ்க் கூற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி மற்றவற்றிலிருந்து விலகுகின்றன. பத்தில் ஒருவர் இப்படிச் செய்தாலே தனிக் காரணி முளைத்துவிடும் என்பதை ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் இருவரும் 1985-இலேயே உருவகத் தரவு கொண்டு காட்டினார்கள்.

கண்டுபிடிக்கத் திருப்பாத மூலத் தரவுக்குப் போங்கள். ஒருவர் தொடர்ந்து எத்தனை கூற்றுக்கு ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார் என்று எண்ணுங்கள். 15-க்கு 15-உம் ஒரே எண் என்றால், "அன்றே தொடங்கிவிடுவேன்", "நாளைக்கு என்று ஒத்திப்போடுவேன்" இரண்டும் தனக்கு ஒரேபோலப் பொருந்தும் என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் 3 போட்டவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம், அது நேர்மையான நடுப்பதிலாகவும் இருக்கக்கூடும். இணையத்தில் திரட்டிய தரவு என்றால் பக்கத்தில் செலவிட்ட நேரமும் கிடைக்கும், 15 கூற்றையும் 15 வினாடியில் யாரும் படித்துப் பதில் சொல்ல முடியாது.

நீக்கும் விதியைப் பகுப்பாய்வுக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். k2-க்கும் k3-க்கும் முரணாகப் பதில் சொன்னவர்களை எல்லாம் தூக்கிவிட்டுப் பார்த்தால் நான்காவது காரணி கட்டாயம் மறையும். நம் மாடலோடு ஒத்துப்போகாதவர்களை நாமே வெளியே அனுப்பினால் மறையாமல் என்ன செய்யும்? ஒரே எண் ஓட்டம், நேரம் போல மாடலைச் சாராத அளவுகோலை வைத்து நீக்கினால்தான் விடைக்கு மதிப்பு.

இரண்டாவது, வாக்கியத்தின் இடறல். k14: "கடைசி நாளில் எனக்குப் பதற்றம் இருப்பதில்லை." பதற்றப்படுகிறவர் இதற்குப் "பொருந்தாது" என்று சொல்ல வேண்டும். இல்லை என்பதற்கு இல்லை. படிப்பவர் ஒருகணம் தடுமாறுகிறார், சிலர் தவறாகவே குறிக்கிறார்கள். k3-இல் அந்தச் சிக்கல் இல்லை, அது எதிர்ப்பொருளை நேராகச் சொல்கிறது. நான்கிலும் k14-க்கே நான்காவது காரணியில் அதிகச் சுமை இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சரிபார்க்க ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, கூற்றை வாய்விட்டுப் படித்து ஏன் அந்த எண்ணைத் தேர்ந்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். எந்த மென்பொருளும் இதைக் காட்டாது.

மூன்றாவது, அது உண்மையிலேயே வேறு பண்பாக இருப்பது. தள்ளிப்போடாமல் இருப்பதும் சுறுசுறுப்பாக முன்கூட்டியே செய்வதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். அப்படியானால் வெளி அளவு ஒன்றோடு, உதாரணமாகப் பொறுப்புணர்வு அளவுகோலோடு, நான்காவது காரணியின் உறவு மற்ற மூன்றின் உறவிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். வேறுபடவில்லை என்றால் அது எழுத்துமுறையின் நிழல் மட்டுமே.

நம் உதாரணத்தில் விதிப்படி 26 பேரை நீக்கியதும் இணைப் பகுப்பாய்வு மூன்று என்கிறது. k3, k8, k12 தம் காரணிகளுக்குத் திரும்புகின்றன. k14 மட்டும் எங்கும் .30-ஐத் தொடவில்லை. அதை எடுத்துவிட்டு 14 கூற்றோடு போகலாம். இரண்டாம் பாதியிலும் அதே விதியால் நீக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஆய்வுநிலையில் அழகான அமைப்பு, உறுதிப்படுத்தும் நிலையில் பொருத்தம் மோசம்

```r
library(lavaan)
m <- '
  thodakkam =~ k1 + k2 + k3 + k4 + k5
  vilagal   =~ k6 + k7 + k8 + k9 + k10
  kadaisi   =~ k11 + k12 + k13 + k15
'
fit <- cfa(m, data = b, ordered = TRUE,
           estimator = "WLSMV", std.lv = TRUE)
summary(fit, fit.measures = TRUE, standardized = TRUE)
residuals(fit, type = "cor")
modindices(fit, sort. = TRUE, maximum.number = 10)
```

ஆய்வுநிலையில் ஒவ்வொரு கூற்றும் எல்லாக் காரணியிலும் கொஞ்சம் ஏறலாம். .15, .20 என்று சிறு சுமைகளை அட்டவணையில் மறைத்துவிட்டோமே தவிர, கணக்கில் அவை இருந்தன. இங்கே அவை எல்லாம் துல்லியமாகப் பூஜ்யம். அதனால் பொருத்தம் கொஞ்சம் குறைவது இயல்பு. அதிகமாகக் குறைந்தால் எங்கே என்று தேட வேண்டும். CFI, RMSEA என்ற ஒட்டுமொத்தப் பொருத்த எண்களை வெறித்துப் பார்த்துப் பயனில்லை, அவை காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லுமே ஒழிய எந்த உறுப்பில் என்று சொல்லா. எச்ச ஒட்டுறவு அட்டவணைதான் இடத்தைக் காட்டும்.

நம் அட்டவணையில் பெரிய எண் k2, k4 சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. k2-இன் சுமை .70, k4-இன் சுமை .65. இரண்டையும் இணைப்பது அந்தக் காரணி மட்டுமே என்று மாடல் நம்புவதால், அவற்றின் ஒட்டுறவு .70 × .65 = .455 ஆக இருக்க வேண்டும். தரவில் இருப்பதோ .78. மிச்சம் .325. பொதுவாக .10-ஐத் தாண்டினாலே திரும்பிப் பார்க்க வேண்டிய எச்சம் என்பார்கள்.

இப்போது கூற்றுகளைப் படியுங்கள். k2: "தொடங்க வேண்டிய வேலையை நாளைக்கு என்று ஒத்திப்போடுவேன்." k4: "வேலையைத் தொடங்குவதைத் தள்ளிப்போடுவேன்." ஒரே கேள்வியை இருமுறை கேட்டிருக்கிறோம். `k2 ~~ k4` என்று ஒரு வரி சேர்த்தால் பொருத்தம் சட்டென்று ஏறும், ஒரு கட்டின்மை எண் மட்டுமே செலவு. ஆனால் புதிய வினாப்பட்டியல் எழுதுகிறவருக்கு அது தேவையில்லாத சமாதானம். இரண்டில் ஒன்றை நீக்கிவிடலாமே. ஏற்கெனவே பரவலாகப் பயன்பாட்டில் உள்ள, கூற்றை மாற்ற முடியாத அளவுகோலுக்குத்தான் அந்த வரி நியாயம்.

`modindices` பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது இன்னொரு வழக்கம். நான்கைந்து வரி சேர்த்தபின் பொருத்தம் கிடைத்துவிடும், ஆனால் அதற்குள் நாம் செய்துகொண்டிருப்பது உறுதிப்படுத்தல் அல்ல, மறுபடி ஆய்வுநிலைதான். பொருள் சொல்ல முடிந்த மாற்றம் ஒன்றோ இரண்டோ செய்யலாம், செய்ததைக் கட்டுரையில் சொல்லிவிடவும் வேண்டும். அதன்பின் அந்தத் தரவு உறுதிப்படுத்தும் தகுதியை இழந்துவிட்டது, அடுத்த குழுவில்தான் சோதிக்க வேண்டும்.

எல்லைக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. CFI .95, RMSEA .06, SRMR .08 என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்கள் ஹூ, பென்ட்லர் 1999-இல் தந்தவை. தொடர் எண் தரவையும் அதிகபட்ச நிகழ்தகவு மதிப்பீட்டையும் வைத்துக் கிடைத்தவை. வரிசைப் பதிலுக்காக நாம் பயன்படுத்திய WLSMV மதிப்பீட்டில் அதே மாடல், அதே பிழை இருந்தாலும் CFI கூடுதலாகத் தெரியக்கூடும். எனவே இங்கே .96 வந்ததும் கொடி ஏற்றிவிட வேண்டாம், எச்ச அட்டவணையையும் பாருங்கள்.

அறிகுறி: "some estimated ov variances are negative"

ஒரு கூற்றின் எச்ச மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது, தரப்படுத்திய சுமை 1-ஐத் தாண்டியிருக்கிறது. இதை ஹேவுட் நிலை என்பார்கள். மாறுபாடு எதிர்மறையாக இருக்கவே முடியாது. எப்படி வருகிறது என்பதை மூன்று கூற்று மட்டும் கொண்ட காரணியில் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முதல் கூற்றின் சுமையின் வர்க்கம்:

```
L1^2 = r12 * r13 / r23
```

முதல் இரண்டு கூற்றும் k2, k4 போல இரட்டைப் பிறவிகள், r12 = .78. மூன்றாவது கூற்று பலவீனமானது: r13 = .42, r23 = .30. போட்டால் .78 × .42 ÷ .30 = 1.092. சுமை 1.045, எச்ச மாறுபாடு −.092. தரவில் தவறே இல்லை. இரட்டைக் கூற்றுகளின் தனி உறவையும் சேர்த்து ஒரே காரணியின் தலையில் கட்டியதன் விளைவு இது.

அந்த மாறுபாட்டை 0 அல்லது .001 என்று நிலைநிறுத்திவிட்டால் எச்சரிக்கை மறையும், காரணம் அப்படியே இருக்கும். முதலில் அந்த மதிப்பின் நம்பக இடைவெளியைப் பாருங்கள். பூஜ்யத்தைத் தாராளமாக உள்ளடக்கியிருந்தால் சிறிய மாதிரியின் தள்ளாட்டமாக இருக்கலாம், ஆட்களைக் கூட்டினால் சரியாகும். இடைவெளி முழுக்கக் கீழேயே இருந்தால் மாடலில்தான் பிழை: இரட்டைக் கூற்றை நீக்குங்கள், அல்லது காரணிக்கு நான்காவது நல்ல கூற்று எழுதுங்கள். இரண்டே கூற்று கொண்ட காரணியில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

"covariance matrix of latent variables is not positive definite" என்று வந்தால் சிக்கல் காரணிகளுக்கு இடையில். `lavInspect(fit, "cor.lv")` போட்டுப் பாருங்கள். தொடக்கத் தாமதத்துக்கும் கடைசி நேர ஓட்டத்துக்கும் ஒட்டுறவு 1.02 என்றோ .95 என்றோ இருந்தால், பதிலளித்தவர்களின் பார்வையில் அவை இரண்டு அல்ல. இரண்டையும் சேர்த்து இரு காரணி மாடலை ஓட்டி `lavTestLRT` மூலம் ஒப்பிடலாம். பொருத்தம் குறிப்பிடும்படி குறையவில்லை என்றால் சேர்ந்தே இருக்கட்டும்.

அறிகுறி: பொருத்தம் எல்லாம் பிரமாதம், ஆனால் சுமைகள் .40-ஐச் சுற்றியே

எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராததால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சுமை .40, .40 என்றால் மாடல் எதிர்பார்க்கும் ஒட்டுறவு வெறும் .16. தரவில் .10 இருந்தாலும் .22 இருந்தாலும் மாடல் பெரிதாகத் தவறாது. தவறுவதற்கே இடம் குறைவு. சுமைகள் .80 இருக்கும் நல்ல வினாப்பட்டியலில் எதிர்பார்ப்பு .64, சின்னக் கோளாறும் அங்கே பளிச்சென்று தெரியும். ஆகவே பலவீனமான அளவுகோலுக்கு நல்ல RMSEA-வும், வலுவான அளவுகோலுக்கு மோசமான RMSEA-வும் கிடைப்பது விந்தை இல்லை.

நம்பகத்தன்மையைச் சுமைகளிலிருந்தே கணக்கிடுங்கள். ஐந்து கூற்று, ஒவ்வொன்றும் .40: சுமைகளின் கூட்டுத்தொகை 2.0, அதன் வர்க்கம் 4. எச்சம் ஒவ்வொன்றும் 1 − .16 = .84, ஐந்துக்கு 4.2. ஒமேகா 4 ÷ 8.2 = .49. அதே ஐந்தும் .70 என்றால் 12.25 ÷ (12.25 + 2.55) = .83. முதல் அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் பிழை. CFI .99 என்று வந்திருந்தாலும் அந்தக் கூற்றுகளை மறுபடி எழுதத்தான் வேண்டும், புதிதாக எழுதியவற்றை மறுபடியும் ஆய்வுநிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.